‘இப்போதைக்கு இல்லை’ என்பதற்கு ஒரு மாதம் குறிப்பது: பெங்களூருவில் வந்த ஒரு ரெக்ரூட்டர் செய்தி

ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 11:40க்கு லிங்க்டினில் ஒரு செய்தி வருகிறது. பெறுபவர் 34 வயதுப் பெண். டெஸ்ட் ஆட்டோமேஷனில் ஒன்பது ஆண்டு அனுபவம். வீடு கே.ஆர்.புரத்தில், ஆபீஸ் வொயிட்ஃபீல்டில், வாரத்தில் மூன்று நாள் மெட்ரோவில் போய்வருகிறார். இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்து நான்கு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. மேனேஜர் நல்லவர், வேலை பிடித்திருக்கிறது, ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. ஆனால் இங்கேயே ஓய்வுபெறும் உத்தேசமும் இல்லை. (ஒரே ஆளின் கதை இல்லை இது. பலருக்கு நடப்பதை ஒருவருக்கு நடந்ததாகக் கோத்திருக்கிறோம். சம்பளக் கணக்கும் கணக்குக் காட்டுவதற்காக வைத்ததுதான்.)

ஆங்கிலத்தில் வந்த அந்தச் செய்தியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“வணக்கம். உங்கள் புரொஃபைலைப் பார்த்தேன். முன்னணி புராடக்ட் நிறுவனம் ஒன்றில் 8 முதல் 12 ஆண்டு அனுபவத்துக்கு அருமையான வாய்ப்பு. இடம் பெங்களூரு. உடனே சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை. அப்டேட் செய்த ரெஸ்யூமே, கரண்ட் சி.டி.சி., எக்ஸ்பெக்டட் சி.டி.சி., நோட்டீஸ் பீரியட் அனுப்பவும்.”

நான்கு விவரம் கேட்கிறது, ஒன்றையும் சொல்லவில்லை. இதற்கு என்ன எழுதுவது என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம்.

அனுப்பியவர் யார்

பதிலுக்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்து அனுப்பியவரின் புரொஃபைலைப் பார்ப்பது அவசியம். ஆள் எடுக்கும் நிறுவனத்திலேயே வேலை பார்க்கும் ரெக்ரூட்டர் ஒரு வகை. கன்சல்டன்சியில் இருந்துகொண்டு பல நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தருபவர் இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவே, நிறுவனத்தின் ஆபீசிலேயே உட்கார்ந்து அதன் மெயில் ஐ.டி.யோடு வேலை செய்து, சம்பளம் மட்டும் வேறு ஒப்பந்தக்காரரிடம் வாங்குபவர்களும் உண்டு. பதில் எழுதும் விஷயத்தில் அவர்களை முதல் வகையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே வந்தவர் கன்சல்டன்சிக்காரர். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் ‘முன்னணி’ என்று மட்டும் எழுதியிருப்பதே அதற்கு அடையாளம். அவர் பெயரை மறைப்பதில் வஞ்சகம் ஏதும் இல்லை. நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் அவருடைய கன்சல்டன்சிக்குக் காசு. வழக்கமான கட்டணம் உங்கள் ஆண்டு மொத்தச் சம்பளமான சி.டி.சி.யில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். பெயரைச் சொல்லிவிட்டால் நீங்களே நேராக அந்த நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பித்துவிடுவீர்களோ, வேறு கன்சல்டன்சிக்காரரிடம் சொல்லிவிடுவீர்களோ என்பது அவருடைய பயம்.

இந்தக் கட்டண முறையால் நமக்கு ஒரு சிக்கல் வருகிறது. ஒரு ரெஸ்யூமேயை முதலில் அனுப்பிய கன்சல்டன்சிக்கே அந்த ஆள் ‘சொந்தம்’ என்று நிறுவனங்கள் கணக்கு வைக்கின்றன. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை அந்த உரிமை நீடிக்கும். அதற்குள் வேறு வழியாக, உங்கள் தோழி பரிந்துரைத்து, அதே நிறுவனத்துக்குப் போனாலும் ‘டூப்ளிகேட்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். தோழிக்கு ரெஃபரல் போனஸும் கிடைக்காது. ஆகவே, பெயர் தெரியாத நிறுவனத்துக்கு ரெஸ்யூமே அனுப்புவது, பெயர் எழுதாத செக்கில் கையெழுத்துப் போடுவது போன்ற காரியம். வேலையில் திருப்தியாக இருப்பவருக்கு இது இன்னும் நஷ்டம். பிற்பாடு நிதானமாகத் தேர்ந்தெடுத்துப் போக வேண்டிய கதவு, கவனமில்லாத ஒரு ஆகஸ்ட் மதியத்தில் சாத்தப்பட்டுவிடும்.

இதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தக் கன்சல்டன்சிக்கு உங்கள் இப்போதைய நிறுவனமும் வாடிக்கையாளரா? வாடிக்கையாளரின் ஆட்களைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். எழுதியிருந்தாலும், ‘உங்க டீம்ல இருந்து ஒருத்தங்க மார்க்கெட்ல இருக்காங்க’ என்று டீ குடிக்கும்போது ஒரு வார்த்தை விழுந்துவிட வாய்ப்பு உண்டு. கேட்டுவிடுவதில் தவறில்லை.

வழக்கமாகப் போகும் இரண்டு பதில்கள்

முதல் வகை: “நன்றி, இப்போது தேடவில்லை.” மரியாதையான பதில்தான். ஆனால் மறுமுனையில் நடப்பது என்ன? ரெக்ரூட்டரிடம் ஒரு எக்செல் ஷீட்டோ சாஃப்ட்வேரோ இருக்கும். பெயருக்கு எதிரே ‘என்.ஐ.’ என்று எழுதுவார், ஆர்வமில்லை என்று பொருள். அடுத்த பிப்ரவரியில் உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் வேலை ஒன்று அவர் கைக்கு வரும்போது, அந்த வரிசையை ஃபில்டரில் ஒதுக்கிவிட்டுத்தான் தேடத் தொடங்குவார். எந்த மாதம் எதற்காக இல்லை என்றீர்கள் என்பது அவருக்கு நினைவிருக்காது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேருக்கு எழுதுகிற ஆளிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

இரண்டாம் வகை: “நல்ல வாய்ப்பாக இருந்தால் பார்க்கலாம், ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன்.” இதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. மறுப்பதற்குக் கூச்சம், ஏற்பதற்குத் தயக்கம், அதனால் நடுவில் ஒரு வாசகம். ஷீட்டில் இது ‘ஆக்டிவ்’ என்று ஏறும். அன்று சாயங்காலத்துக்குள் ரெஸ்யூமே இரண்டு மூன்று நிறுவனங்களுக்குப் போய்விடும். மறுநாள் முதல் போன். அதோடு, ரெஸ்யூமே போன இடங்களில் உங்கள் பழைய சக ஊழியர் யாராவது இன்டர்வியூ பேனலில் இருந்தால், செய்தி வீட்டுக்குப் போகும் முன்பே ஆபீசுக்குப் போய்ச்சேரும். ‘பார்க்கலாம்’ என்பது நமக்கு நாசூக்கான தள்ளிப்போடல். அதையே ரெக்ரூட்டர் சம்மதம் என்று வாசிக்கிறார்.

இரண்டிலும் குறை ஒன்றே. ஷீட்டில் ஏறப்போகும் அந்த ஒரு வரியை ரெக்ரூட்டரே எழுதிக்கொள்ளும்படி விட்டுவிடுகின்றன. நல்ல பதில் அந்த வரியை நம்முடைய சொற்களில் அவர் கையில் கொடுக்கும்: எப்போது, எதற்கு, எந்த நிபந்தனையில்.

‘பிற்பாடு’ என்றால் எந்த மாதம்

பதில் எழுத உட்காரும் முன் நம் பொறியாளர் தன்னுடைய தேதிகளைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும். ‘வருங்காலத்தில் பேசலாம்’ என்று எழுதினால் அது யாருடைய காலண்டரிலும் ஏறாது.

அவருடைய கணக்கு இது. இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்தது ஜூன் 9. அடுத்த ஜூன் 9 வந்தால் ஐந்து ஆண்டு நிறையும், அப்போது கிராஜுவிட்டி உறுதி. அடிப்படைச் சம்பளம் மாதம் 1 லட்சம். ஓராண்டுப் பணிக்கு அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுக்க வேண்டும். 57,692 ரூபாய் வரும். ஐந்து ஆண்டுக்குச் சுமார் 2,88,000. கிராஜுவிட்டி 20 லட்சம் வரை வரி இல்லாத பணம் என்பதால் முழுசாகக் கைக்கு வரும். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆனால் எல்லா எச்.ஆர். துறையும் அதைத் தானாக ஏற்பதில்லை. வழக்காடும் மனநிலை இல்லாதவர் ஐந்தை நிறைவு செய்துவிடுவது நிம்மதி.

ஆண்டு போனஸ் மார்ச் சம்பளத்தோடு வருகிறது. நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஏப்ரல் 1 அன்று ராஜினாமா கொடுத்தால் 90 நாள் கழித்துக் கடைசி நாள் ஜூன் 30. போனஸ் வந்தாயிற்று, ஐந்து ஆண்டும் நிறைந்தாயிற்று. ராஜினாமாவுக்கு முன் ஆஃபர் லெட்டர் கையில் இருக்க வேண்டும், அதற்கு மார்ச் நடுப்பகுதியிலாவது முடிவாகியிருக்க வேண்டும். இன்டர்வியூ சுற்றுகளுக்கு ஐந்தாறு வாரம் விட்டால், பேச்சு தொடங்க வேண்டிய காலம் ஜனவரிக் கடைசி. ஆக, ரெக்ரூட்டருக்கு எழுத வேண்டிய மாதம் ஜனவரி.

இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் வழுக்கும். போனஸ் வாங்கிய பிறகு குறிப்பிட்ட மாதங்களுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று போனஸ் கடிதத்தில் எழுதியிருக்கலாம். அதை எடுத்து வாசித்துவிட வேண்டும். அடுத்தது, புது நிறுவனம் ‘நோட்டீஸ் பை-அவுட், அதாவது மீதி நாளுக்கான பணத்தை, நாங்கள் கொடுக்கிறோம், மே மாதமே வந்துவிடுங்கள்’ என்று அவசரப்படுத்தும். மே மாதம் போனால் ஐந்து ஆண்டு நிறையாது. ஈடாக ஜாயினிங் போனஸ் தருகிறோம் என்பார்கள். அது சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படும், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பியும் கேட்பார்கள். 2.88 லட்சத்துக்கு அதே தொகை ஜாயினிங் போனஸ் ஈடாகாது.

இந்தக் காரணம் எதையும் ரெக்ரூட்டரிடம் சொல்ல வேண்டியதில்லை. மாதம் மட்டும் போதும்.

போன பதில்

அவர் வியாழக்கிழமை காலையில் பதில் அனுப்பினார். இரண்டு மூன்று வேலைநாள் தாமதம் யாரையும் புண்படுத்தாது, அவசரம் இல்லை என்பதையும் சொல்லாமல் சொல்லிவிடும். சொந்த போனிலிருந்து அனுப்பினார். ஆபீஸ் லேப்டாப்பில் என்ன பதிவாகிறது என்று நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள இது நேரமும் இல்லை.

“வணக்கம், எழுதியதற்கு நன்றி. இப்போதைய வேலையில் திருப்தியாக இருக்கிறேன், இந்த வருடம் மாறும் திட்டம் இல்லை. அடுத்த ஜனவரியிலிருந்து, டெஸ்ட் ஆட்டோமேஷனில் குழுவை நடத்தும் பொறுப்பு என்றால் பேச விருப்பம் உண்டு. கிழக்கு பெங்களூருவில் ஆபீஸ், அல்லது வாரம் இரண்டு நாளுக்கு மேல் வரவேண்டாத வேலையாக இருக்க வேண்டும். என் நோட்டீஸ் 90 நாள். இந்தப் பணியைப் பற்றி, நிறுவனத்தின் பெயர், ஆபீஸ் இடம், ஃபிக்சட் சம்பள வரம்பு மூன்றும் சொன்னால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ரெஸ்யூமேயை அதன் பிறகு, குறிப்பிட்ட ஒரு பணிக்கு மட்டும் அனுப்புவேன்.”

‘திருப்தியாக இருக்கிறேன்’ என்பது வெறும் மரியாதை வார்த்தை இல்லை. பேரம் தொடங்கினால் அது நம் பக்கத்து எடைக்கல். ஆனால் அதை ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். மூன்று முறை சொன்னால் பிகு பண்ணுவதாகத் தோன்றும். ‘குழுவை நடத்தும் பொறுப்பு’, ‘கிழக்கு பெங்களூரு’ என்பவை ரெக்ரூட்டர் தேடும்போது தட்டச்சு செய்யக்கூடிய சொற்கள். ‘சவாலான பணி’, ‘வளர்ச்சி வாய்ப்பு’ என்று எழுதியிருந்தால் எந்தத் தேடலிலும் சிக்காது.

கேட்ட நான்கு விவரத்தில் நோட்டீஸ் பீரியடை மட்டும் தந்திருக்கிறார். அது வேண்டுமென்றே செய்தது. செய்தியில் ‘உடனே சேரக்கூடியவர்கள்’ என்று இருந்ததே, 90 நாள் என்றதும் பாதி வேளையில் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இரு பக்கமும் நேரம் மிச்சம். மறைத்து வைத்து மூன்றாவது சுற்று இன்டர்வியூவில் சொல்வதால் யாருக்கும் லாபமில்லை.

நாசூக்கு கருதிப் பதிலே போடாமல் விடுபவர்களுக்கு ஒரு தகவல். லிங்க்டினில் இன்மெயில் அனுப்ப ரெக்ரூட்டருக்குக் கிரெடிட் செலவாகும். 90 நாளுக்குள் நீங்கள் பதில் போட்டால், அது மறுப்பாகவே இருந்தாலும், அந்தக் கிரெடிட் அவருக்குத் திரும்பிவிடும். இல்லை என்று எழுதுவதும் அவருக்கு ஒரு சின்ன உதவிதான்.

அனுப்பியவர் நிறுவனத்தின் சொந்த ரெக்ரூட்டராக இருந்திருந்தால் கடைசி இரண்டு வாக்கியமும் தேவைப்பட்டிருக்காது. பெயர் தெரியும், டூப்ளிகேட் பயமும் இல்லை. அவரிடம் ஜனவரியைச் சொல்லி, எந்தக் குழு, யாரிடம் ரிப்போர்ட் செய்வது என்று கேட்டிருந்தால் போதும்.

தமிழில் வந்த போன்

வெள்ளிக்கிழமை மதியம் ரெக்ரூட்டர் ‘ஒரு நிமிஷம் பேசலாமா’ என்று நம்பர் கேட்டு, கூப்பிட்டார்.

“வணக்கம் மேம், பேரைப் பாத்தேன், நீங்க தமிழா? நான் ஓசூர் மேம்.”

“அப்படியா, சொல்லுங்க.”

“நம்ம ஊர்க்காரங்கன்னா கேட்கவே வேணாம் மேம், நானே முன்ன நின்னு முடிச்சுத் தரேன். கரண்ட் சி.டி.சி. மட்டும் சொல்லிடுங்க, ஷீட்ல போடணும். காலியா விட்டா கிளையண்ட் எடுக்க மாட்டாங்க.”

பெங்களூருவில் ஆங்கிலத்தில் விறைப்பாகத் தொடங்கிய பேச்சு தமிழுக்கு மாறியதும் நமக்கு உடம்பு தளர்ந்துவிடும். மெயிலில் சொல்ல யோசித்த சம்பளம், வீட்டுக் கடன், மேனேஜர் மேல் இருந்த சின்ன மனத்தாங்கல் எல்லாம் வாயில் வந்துவிடும். அந்தத் தம்பி நிஜமாகவே நல்லவராக இருக்கலாம். ஆனாலும் சொன்ன எண் ஷீட்டில் ஏறினால் ஏறியதுதான். கிளையண்டின் படிவத்தில் அந்தக் கட்டம் கட்டாயம் என்பதும் பல இடங்களில் உண்மை. ஆனால் அந்தக் கட்டம் ரெஸ்யூமே அனுப்பும்போதுதான் வரும், முதல் போனில் இல்லை.

“ரெஸ்யூமே அனுப்புற கட்டம் வந்தா சொல்றேன். முதல்ல அவங்க பட்ஜெட் என்னன்னு சொல்லுங்க, எனக்கு ஒத்துவருமான்னு பார்ப்போம்.”

“முப்பத்தஞ்சு வரைக்கும் போவாங்க மேம்.”

“முழுக்க ஃபிக்சடா, வேரியபிளும் சேர்த்தா?”

“சேர்த்துத்தான் மேம். வேரியபிள் பதினஞ்சு பர்சென்ட்.”

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் முழுக் கணக்கும் மாறுகிறது. அவருடைய இப்போதைய சி.டி.சி. 27 லட்சம். அதில் ஃபிக்சட் 24, வேரியபிள் 3. முப்பத்தைந்து என்று கேட்டதும் 30 சதவீத ஹைக் போலத் தெரிகிறது. ஆனால் 35இல் 15 சதவீதம் வேரியபிள் போனால் ஃபிக்சட் 29.75 லட்சம். இருபத்துநான்கிலிருந்து அது 24 சதவீதம்தான். மாதாமாதம் வங்கியில் விழுவது ஃபிக்சட்டைப் பொறுத்தது, வேரியபிள் நிறுவனத்தின் லாபத்தையும் மேனேஜரின் மனதையும் பொறுத்தது.

பட்ஜெட்டுக்கு முன் 27 என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பல கன்சல்டன்சிகள் கரண்ட் சி.டி.சி.யோடு 25, 30 சதவீதம் கூட்டி அதையே உங்கள் எதிர்பார்ப்பாக எழுதிவிடும். அந்தப் பணிக்கு நிறுவனம் 40 வரை வைத்திருந்தாலும் பேச்சு 35ஐத் தாண்டாது. நம் நாட்டில் கரண்ட் சம்பளத்தைக் கேட்கக்கூடாது என்று சட்டம் இல்லை, கேட்பார்கள். பிறகு சொல்கிறேன் எனலாம். பொய் மட்டும் கூடாது. ஆஃபர் கட்டத்தில் கடைசி மூன்று மாதப் பேஸ்லிப் கேட்பார்கள், சேர்ந்த பிறகு வரிக் கணக்குக்காகப் பழைய சம்பள விவரம் தர வேண்டியிருக்கும். சொன்ன எண்ணும் காகிதத்து எண்ணும் ஒட்டவில்லை என்றால் ஆஃபரையே திரும்பப் பெறுவார்கள், அதுவும் நீங்கள் இங்கே ராஜினாமா கொடுத்த பிறகு.

போன் பேச்சில் நிறுவனத்தின் பெயரும் வந்தது. ஆபீஸ் பொம்மசந்திரா பக்கம், வாரம் நான்கு நாள் நேரில் வரவேண்டும். ‘இடம்: பெங்களூரு’ என்ற ஒற்றை வார்த்தைக்குள் ஒளிந்திருந்தது இது. கே.ஆர்.புரத்திலிருந்து பர்ப்பிள் லைனில் மெஜஸ்டிக், அங்கே மாறி கிரீன் லைனில் ஆர்.வி. ரோடு, மறுபடி மாறி யெல்லோ லைன். இல்லையென்றால் அவுட்டர் ரிங் ரோடில் சில்க் போர்டு வழியாக. அந்தப் பாதையைத் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம்.

மறுப்பும், மறுப்பில் வைத்த கொக்கியும்

அன்றே லிங்க்டினில் எழுத்தாக ஒரு செய்தி அனுப்பினார். போனில் பேசி முடித்ததை எழுத்தில் வைக்காவிட்டால், ‘மேம் சரின்னு சொன்னாங்க’ என்று பழைய ரெஸ்யூமே எங்கிருந்தாவது எடுத்து அனுப்பப்படும் ஆபத்து உண்டு.

“பேசியதற்கு நன்றி. இந்தப் பணிக்கு நான் இல்லை. ஆபீஸ் தூரமும் நான்கு நாள் வருகையும் ஒத்துவராது. என் புரொஃபைலை இந்த நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டாம். கிழக்கு பெங்களூருவில், ஃபிக்சட் 32க்கு மேல், குழுப் பொறுப்போடு ஏதாவது வந்தால் ஜனவரியில் கூப்பிடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அனுப்பும் முன் மெயிலில் என் சம்மதம் கேட்டால் நல்லது.”

இந்த மறுப்பு ஆளுக்கில்லை, பணிக்கு. காரணமும் திட்டவட்டமாக இருப்பதால் அடுத்த முறை அவர் அதே தவறைச் செய்ய மாட்டார். கரண்ட் சம்பளத்தைச் சொல்லாமல் 32 என்ற தன் வரம்பைச் சொல்லியிருக்கிறார். அது ஃபிக்சட் என்று குறித்தும் இருக்கிறார். ரெக்ரூட்டருக்கு வடிகட்ட ஒரு எண் தேவை. அந்த எண் நீங்கள் வாங்குவதாக இல்லாமல் கேட்பதாக இருக்கட்டும்.

‘அனுப்ப வேண்டாம்’ என்ற பிறகும் அனுப்பிவிட்டால் எப்படித் தெரியும்? நிறுவனத்தின் தளத்திலிருந்து ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது’ என்று தானியங்கி மெயில் வரும். அல்லது வேறொரு ரெக்ரூட்டர், ‘உங்க புரொஃபைல் ஏற்கெனவே அங்க இருக்கே’ என்பார். அப்போது அந்த நிறுவனத்தின் ஆள்சேர்ப்புக் குழுவுக்கே இரண்டு வரி எழுதலாம்: இந்தச் சமர்ப்பிப்புக்கு நான் சம்மதம் தரவில்லை, நீக்கிவிடுங்கள், இதோ நான் மறுத்த செய்தியின் தேதி. எழுத்தில் இருப்பதன் பயன் அங்கேதான் தெரியும்.

புரொஃபைல் விஷயத்தில் இவர் செய்யாமல் விட்டவையும் முக்கியம். வேலைவாய்ப்புத் தளமான நௌக்ரியில் லாகின் செய்து ஒரு வரி திருத்தினாலும் ‘சமீபத்தில் ஆக்டிவ்’ என்ற வரிசையில் மேலே வந்துவிடுவீர்கள். ரெக்ரூட்டர்கள் அதை வைத்தே வடிகட்டுகிறார்கள், அன்று மாலையே போன் மழை. ஜனவரி வரை அதைத் தொடாமல் இருப்பது உத்தமம். லிங்க்டினில் `Open to work` அமைப்பில் ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டு என்ற தேர்வு உண்டு, பச்சை வளையம் வராது. உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் மறைக்க முயல்வதாக லிங்க்டின் சொல்கிறது, ஆனால் முழு ரகசியத்துக்கு அதுவே உத்தரவாதம் தருவதில்லை. குழுமத்தின் வேறொரு நிறுவனமோ, உங்கள் கம்பெனிக்கு ஆள் பிடிக்கும் கன்சல்டன்சியோ பார்க்கக்கூடும். திருப்தியாக இருப்பவர் அதை ஆகஸ்டில் போட்டு வைக்க ஒரு காரணமும் இல்லை.

ஆதார், பான் நம்பர் இந்தக் கட்டத்தில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் அவர் ரெக்ரூட்டர் இல்லை, மோசடிக்காரர். பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930க்கு போன் செய்ய வேண்டும்.

ஜனவரிக்குள்

ரெக்ரூட்டரின் ஷீட்டை மட்டும் நம்பாமல் இவரும் ஒரு ஷீட் வைத்துக்கொண்டார். தேதி, ரெக்ரூட்டர், கன்சல்டன்சி, நிறுவனம், என்ன சொன்னேன், எப்போது மறுபடி என்று ஆறு கட்டம். ‘என்ன சொன்னேன்’ என்ற கட்டம் சில மாதத்தில் நாலைந்து பேரிடம் பேசியபின் கைகொடுக்கும். ஒருவரிடம் 32, இன்னொருவரிடம் 35 என்று சொல்லி, இருவரும் ஒரே நிறுவனத்துக்கு வேலை செய்பவர்களாக இருந்துவிட்டால் சங்கடம்.

இன்னொரு சின்ன வேலையும் செய்தார். ரெக்ரூட்டர் வேலைக்கென்று கன்சல்டன்சி வாங்கித் தரும் லிங்க்டின் கணக்கின் இன்பாக்ஸ் தனி. அவர் வேறு இடத்துக்கு மாறினால் அந்தப் பேச்சு வரலாறு அவரோடு போகாது. இந்தத் துறையில் ஆள் மாறுவது வெகு சகஜம். எனவே அவருடைய சொந்த புரொஃபைலுக்கு ஒரு கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் அனுப்பி வைத்தார். ஜனவரி மூன்றாம் வாரத்துக்கு போனில் ஒரு நினைவூட்டல் போட்டு, அனுப்ப வேண்டிய செய்தியையும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்:

“வணக்கம், ஆகஸ்டில் பேசினோம், பொம்மசந்திரா பணி. சொன்னபடி இப்போது பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். வொயிட்ஃபீல்ட், மாரத்தஹள்ளி, பெல்லந்தூர் பக்கம், ஃபிக்சட் 32க்கு மேல், டெஸ்ட் ஆட்டோமேஷன் குழுப் பொறுப்பு. ஏப்ரல் முதல் 90 நாள் நோட்டீஸ். ஜூலை 1இல் சேர முடியும், அதற்கு முன் இல்லை. கையில் ஏதாவது இருந்தால் நிறுவனத்தின் பெயரோடு எழுதுங்கள்.”